பூச்சியமா, ஓவா: நீளமான வைஃபை கடவுச்சொல்லைப் பிழையின்றித் தட்டுவது

கேள்வி: “களுவாஞ்சிக்குடியில் ரியூசன் வகுப்பு நடத்துகிறேன். புதிய ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லில் 16 எழுத்துகள். வட்டமாக இருப்பது பூச்சியமா கப்பிட்டல் ஓவா, கோடாக இருப்பது ஒன்றா சிம்பிள் எல்லா என்று தெரியவில்லை. ஒவ்வொரு ஆசிரியரும் நான்கைந்து தடவை தட்டித்தான் இணைகிறார்கள். பிழையில்லாமல் தட்ட வழி உண்டா? எளிதாக மாற்றினால் பாதுகாப்புக் குறையுமா?”

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை பாடசாலைகளிலும் கடைகளிலும் விடுதிகளிலும் பல வருடங்களாக ரவுட்டர் பொருத்திவருகிறேன். இந்தத் தொல்லைக்காக வரும் அழைப்புகளில் தட்டுகிறவரின் கவனக்குறைவை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஒரே உருவத்துக்கு இரண்டு மூன்று எழுத்துகள் உரிமை கோரும்போது எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் கண் ஊகிக்கத்தான் செய்யும். ஆகவே, இப்போது ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லை ஊகமில்லாமல் வாசிப்பது எப்படி என்பதை முதலிலும், இந்தச் சந்தேகமே எழாத ஒன்றை அமைப்பது எப்படி என்பதை அதற்குப் பிறகும் சொல்கிறேன்.

ரவுட்டர் ஏன் “ஐந்தாவது எழுத்துப் பிழை” என்று சொல்வதில்லை என்று பலர் கேட்பதுண்டு. அதனால் சொல்ல முடியாது என்பதே உண்மை. இன்று பரவலாக உள்ள டபிள்யூபிஏ2 முறையில் நீங்கள் தட்டிய சொல் ரவுட்டருக்குப் போவதேயில்லை. உங்கள் கைபேசி அந்தச் சொல்லையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து, ஒரே கணக்கை 4096 தடவை திரும்பத் திரும்பச் செய்து ஒரு சாவியை உருவாக்குகிறது. ரவுட்டரும் தன் பக்கத்தில் அதே கணக்கைச் செய்து வைத்திருக்கிறது. இரண்டு சாவிகளும் ஒத்துப்போகின்றனவா என்பது மட்டுமே சோதிக்கப்படுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் சாவி முழுவதும் வேறாகிவிடுவதால், ஒன்றைப் பிழையாகத் தட்டியவருக்கும் பத்தைப் பிழையாகத் தட்டியவருக்கும் ஒரே மறுப்புத்தான் கிடைக்கும். கிடைக்கக்கூடிய ஒரே துப்பு நீளம் பற்றியது. இவ்வகைக் கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்தும் கூடியது 63 எழுத்தும் கொண்டது என்பதால், எட்டுக்குக் குறைவாகத் தட்டினால் பெரும்பாலான கைபேசிகளில் இணைக்கும் பொத்தான் மங்கலாகவே இருக்கும்.

ஒட்டுத்தாளை வாசிக்க ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். உங்களுடையது இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

```
7hK0lmQ8RtO1wS4n
```

இதில் வட்டமாகத் தெரிபவை இரண்டு, நான்காவதும் பதினோராவதும். கோடாகத் தெரிபவையும் இரண்டு, ஐந்தாவதும் பன்னிரண்டாவதும். வட்டம் ஒவ்வொன்றும் `0` அல்லது `O` ஆகலாம். கோடு ஒவ்வொன்றும் `1`, `l`, `I` என்ற மூன்றில் ஒன்றாகலாம். ஆக 2 × 3 × 2 × 3, அதாவது 36 வாசிப்புகள் உண்டு. உங்கள் ஆசிரியர்கள் நான்கைந்து தடவையில் இணைந்துவிடுகிறார்கள் என்றால் அவர்களுடைய கண் நல்ல கண் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த 36ஐக் குறைப்பதற்கு ஒட்டுத்தாளே உதவும். ஓர் எழுத்தைத் தனியாக உற்றுப் பார்ப்பதில் பயனில்லை. அதே ஒட்டுத்தாளில் உள்ள மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அச்சில் பூச்சியம் பெரும்பாலும் ஒடுங்கியதாகவும், கப்பிட்டல் ஓ அகன்றதாகவும் இருக்கும். இந்த உதாரணத்தில் நான்காவது வட்டம் முட்டை போல ஒடுங்கியும் பதினோராவது ஏறத்தாழ உருண்டையாகவும் தெரிந்தால் முன்னது பூச்சியம், பின்னது ஓ. பக்கத்தில் `Q` இருப்பதும் உதவி, ஏனெனில் அந்த எழுத்தின் வாலை மறைத்துப் பார்த்தால் மிஞ்சும் உருவம்தான் கப்பிட்டல் ஓவின் அகலம். கோடுகளில், உச்சியில் இடப்பக்கமாகச் சிறிய கொடி போன்ற சாய்வு இருந்தால் அது ஒன்று. கொடியில்லாத கோட்டை `h`, `K` என்ற இரண்டின் உயரத்தோடும் ஒப்பிடுங்கள். சில எழுத்துருக்களில் சிம்பிள் எழுத்துகளின் நிமிர்ந்த கோடு கப்பிட்டலைவிடச் சற்று உயரும். கோட்டின் உச்சி `h` இன் உச்சியோடு நின்றால் எல், `K` இன் உச்சியோடு நின்றால் கப்பிட்டல் ஐ. இரண்டின் உச்சியும் ஒரே மட்டத்தில் இருக்கும் எழுத்துருவானால் இந்தச் சோதனை பயன்படாது. அப்போதும் மிஞ்சுவது இரண்டே வாசிப்புகள்தான். 36 இரண்டாகிவிட்டது.

இன்னொரு சோதனையும் உண்டு. அது பொருந்துமிடத்தில் ஒப்பீடே தேவையில்லை. கடவுச்சொல் முழுவதிலும் இலக்கங்களும் A முதல் F வரையான எழுத்துகளும் மட்டுமே இருக்கின்றனவா என்று பாருங்கள். பத்து எழுத்துக்கு மேற்பட்ட ஒரு தொடரில் F ஐத் தாண்டி ஒன்றுமே இல்லை என்றால், அது பதினாறடிமான எண் என்று துணிந்து கொள்ளலாம். தற்செயலாக அப்படி அமைவது மிகமிக அரிது. அந்த வரிசையில் ஓவும் இல்லை, ஐயும் இல்லை, எல்லும் இல்லை. வட்டமெல்லாம் பூச்சியம், கோடெல்லாம் ஒன்று. மங்கிய அச்சில் `B` உம் `8` உம், `D` உம் `0` உம் மட்டும் குழப்பும். ஆனால் அத்தகைய தொடரிலும் கப்பிட்டலைக் கப்பிட்டலாகவே தட்டுங்கள். சரியாக 64 இடங்கள் கொண்ட சாவியாக இருந்தால் மட்டுமே அது எண்ணாகக் கொள்ளப்படும். அதற்குக் குறைந்ததெல்லாம் வெறும் சொல்லே, சொல்லில் `a` வேறு, `A` வேறு. இதற்கு மாறாக, தயாரித்தவர் குழப்பும் எழுத்துகளை முன்கூட்டியே நீக்கியிருப்பார் என்று ஒரேயொரு ஒட்டுத்தாளை வைத்து முடிவுகட்டாதீர்கள். ஓ காணப்படாதது, நீக்கப்பட்டதால் அல்லாமல் தற்செயலாகவும் இருக்கலாம்.

ஒட்டுத்தாளோடு மல்லுக்கட்டாமல் ரவுட்டரிடமே கேட்டுவிடுவதுதான் ஐயமே இல்லாத வழி. ஒரு மடிக்கணினியை கேபிள் மூலம் ரவுட்டரில் இணைத்து அதன் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் வயர்லெஸ் பகுதியில் கடவுச்சொல் இருக்கும். ஏற்கெனவே இணைந்த விண்டோஸ் கணினி ஒன்று இருந்தால் அதுகூட வேண்டாம். கட்டளைச் சாளரத்தில் உங்கள் வைஃபையின் பெயரை இட்டு இதைத் தட்டுங்கள்:

```
netsh wlan show profile name="vaguppu" key=clear
```

விடையில் `Key Content` என்ற வரியில் வருவதே கடவுச்சொல். திரையில் வந்தாலும் அதைக் கண்ணால் வாசித்து எழுதாதீர்கள். நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி, எழுத்துருவை `Consolas` ஆக மாற்றுங்கள். அதில் பூச்சியத்துக்குக் குறுக்குக்கோடு உண்டு. ஒன்று, எல், ஐ ஆகிய மூன்றும் வெவ்வேறு உருவத்தில் தெரியும். அதற்கும் மேல் ஓர் உறுதி வேண்டுமானால் எக்செலில் ஒரு கட்டத்தில் ஒட்டி, பக்கத்துக் கட்டத்தில் இதை இடுங்கள்:

```
=LOWER(A1)
```

எல்லாம் சிம்பிள் எழுத்தாகும்போது கப்பிட்டல் ஓ சின்னதாகச் சுருங்கிவிடும், கப்பிட்டல் ஐ தலையில் புள்ளியோடு வரும், பூச்சியமும் ஒன்றும் அசையாமல் அப்படியே நிற்கும். எல்லைப் பிடிக்க `UPPER` போட்டுப் பாருங்கள். அது `L` ஆகிவிடும். எழுத்துருவைச் சாராத சோதனை என்பதால் எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை. திரையிலிருந்து நகலெடுத்ததற்கு மட்டுமே இது செல்லும். ஒட்டுத்தாளின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, தெளிவாக இருந்த `8` உம் `B` உம், `5` உம் `S` உம்கூடக் கலங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

கண்ணால் வரும் குழப்பத்துக்குச் சமமாகக் காதால் வரும் குழப்பமும் உண்டு. வகுப்பில் ஒருவர் வாசிக்க மற்றவர் தட்டுவதுதான் வழக்கம். நம்மில் பலர் தொலைபேசி இலக்கத்தை “ஓ செவன் செவன்” என்றே தொடங்குகிறோம். பூச்சியத்தை ஓ என்று சொல்லிப் பழகிய அதே வாய்தான் கடவுச்சொல்லையும் வாசிக்கிறது. இதற்கு நான் எல்லா இடத்திலும் வைக்கும் ஒழுங்கு ஒன்று. இலக்கங்களைத் தமிழிலும் எழுத்துகளை ஆங்கிலப் பெயரிலும் மட்டுமே சொல்ல வேண்டும். பூச்சியம், ஒன்று, அஞ்சு, எட்டு என்றால் இலக்கம்; ஓ, ஐ, எல், எஸ், பீ என்றால் எழுத்து. கேட்கிறவருக்கு எது எந்த வகை என்ற கேள்வியே எழாது. “அஞ்சு” என்று எழுதியதற்குக் காரணமுண்டு: “ஐந்து” என்பதன் முதற்பாதி மட்டும் காதில் விழுந்தால் அது ஐ ஆகிவிடும். பீயும் பியும் தமிழ் வாயில் ஒன்றாகிவிடும் தொல்லைக்கு, `B` ஐ “பற்றிக்கலோ பீ” என்றும் `P` ஐ “பேப்பர் பீ” என்றும் சொல்லச்சொல்வேன். ரியும் டியும் நம் பக்கத்தில் தெளிவாகப் பிரிந்தே ஒலிப்பதால் அங்கே சிக்கல் குறைவு.

உங்கள் இரண்டாவது கேள்வி பாதுகாப்புப் பற்றியது. குழப்பம் ஏற்பட ஒரு சோடி வேண்டும். பூச்சியமும் ஓவும் ஒரே கடவுச்சொல்லில் வரக்கூடும் என்பதால்தான் வட்டத்தைப் பார்த்துத் தயங்குகிறோம். சோடியில் ஒன்றை அடியோடு விலக்கிவிட்டால் மற்றது தனித்து நின்று தெளிவாகிவிடும். இலக்கமே இல்லை, கப்பிட்டலே இல்லை என்று வைத்துக்கொண்டால் வட்டம் எப்போதும் சிம்பிள் ஓ, கோடு எப்போதும் எல். 26 சிம்பிள் எழுத்துகளில் எதையும் தள்ளிவைக்கத் தேவையில்லை.

எழுத்து வகை குறைவதால் வலிமை குறையும் என்பது சரிதான். ஆனால் அந்த நட்டத்தை நீளம் ஈடுசெய்யும், எவ்வளவு நீளம் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். கப்பிட்டல், சிம்பிள், இலக்கம் எல்லாம் சேர்ந்தால் 62. அவற்றில் எழுந்தமானமாக எடுத்த 16 எழுத்துகளுக்கு 62^16 சேர்க்கைகள் உண்டு. சிம்பிள் எழுத்துகள் மட்டும் கொண்ட 20 எழுத்துகளுக்கு 26^20 சேர்க்கைகள், முன்னதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. இன்னும் ஒன்றே ஒன்றைச் சேர்த்து 21 ஆக்கினால் 26^21. அது உங்கள் ஒட்டுத்தாளில் உள்ளதைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம். ஆகவே குறையாது, கூடும்.

“16ஐயே தட்ட முடியவில்லை, 21ஐ யார் தட்டுவது” என்று கேட்பீர்கள். விரல் தொடும் தடவைகளை எண்ணிப் பாருங்கள். மேலே உள்ள உதாரணத்தில் 16 எழுத்துகளோடு, கப்பிட்டல் ஐந்துக்கும் தனித்தனியே ஷிஃப்ட் விசையைத் தொட வேண்டும். இலக்க வரிசையை மேலே காட்டாத கைபேசியானால், ஐந்து இலக்கங்களுக்கும் எண் பக்கத்துக்குப் போய்த் திரும்ப இன்னும் பத்துத் தொடுகைகள். மொத்தம் 31. சிம்பிள் எழுத்து 21க்கு 21 தொடுகைகள்தான், பக்கம் மாற்றவும் வேண்டியதில்லை.

எழுந்தமானமாக என்று சொன்னதில்தான் முழுக் கணக்கும் தங்கியிருக்கிறது. நீங்களாக யோசித்து எடுத்தால் பிள்ளையின் பெயரோ ஊரின் பெயரோ வந்துவிடும். “மீன்பாடும் தேனாடு” என்பதை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று என்னிடம் ஒருவர் கேட்டார். மட்டக்களப்பில் அதை ஊகிக்காதவர் யார் என்பது ஒருபுறமிருக்க, ஒருவர் ஒற்றை `a` போடுவார், மற்றவர் இரட்டை போடுவார். தமிழை ஆங்கில எழுத்தில் எழுத நம்மிடம் ஒரே முறை இல்லாததால் எழுத்துக் குழப்பத்துக்குப் பதிலாக உச்சரிப்புக் குழப்பம் வந்து சேரும். மாறாக, 26 துண்டுச் சீட்டுகளில் எழுத்துகளை எழுதி ஒரு பாத்திரத்தில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுங்கள். குறித்துக்கொண்டு அதைத் திரும்பப் போட்டுக் குலுக்கி அடுத்ததை எடுங்கள். திரும்பப் போடாவிட்டால் ஒரே எழுத்து இரண்டாம் முறை வராது, சேர்க்கைகளின் கணக்கும் வெகுவாகக் குறைந்துவிடும். இருபத்தொரு தடவை, பத்து நிமிட வேலை. அப்படி எடுத்தது இதைப் போல இருக்கும். இதையே வைத்துவிடாதீர்கள், இது எல்லோரும் பார்த்தது:

```
kfudwatlybhexgopjvcae
```

இதில் ஓவும் எல்லும் இருந்தும் ஒருவரும் தயங்கப் போவதில்லை. எஞ்சியிருக்கும் ஒரே கண்ணி அடுத்தடுத்து வரும் எழுத்துகள். `r` க்குப் பிறகு `n` வந்தால் `m` போலவும், `c` க்குப் பிறகு `l` வந்தால் `d` போலவும், இரட்டை `v` வந்தால் `w` போலவும் தெரியும். அப்படி விழுந்தால் அந்த இரண்டு சீட்டுகளை மட்டும் மறுபடி எடுங்கள். வலிமையில் ஏற்படும் குறைவு பொருட்படுத்தத் தக்கதல்ல. கையால் எழுதினால் `u` உம் `v` உம் கலங்கும் என்பதால் அச்சடிப்பது நல்லது.

அச்சடிக்கும்போது மூன்று மூன்றாகப் பிரித்தால் ஏழு துண்டுகள் வரும், மூன்றை மனத்தில் வைத்துத் தட்டுவது எளிது. ஆனால் இடைவெளி விட்டுப் பிரிக்காதீர்கள். பாசிக்குடாவில் ஒரு விடுதிக்கு நான் இடைவெளி விட்டு அச்சடித்துக் கொடுத்த அட்டையை விருந்தினர்கள் இடைவெளியோடு சேர்த்தே தட்டினார்கள். இடைவெளியும் ஓர் எழுத்தாகவே கொள்ளப்படுவதால் ஒருவருக்கும் இணையவில்லை. அது என் பிழைதான். இப்போது ஒரு துண்டுக்கு அடிக்கோடு, அடுத்ததற்கு இல்லை என்று மாற்றி மாற்றி அச்சடிக்கிறேன். “எல்லாம் சிம்பிள் எழுத்து, மொத்தம் 21” என்ற ஒரு வரியையும் கீழே சேர்க்கிறேன். தட்டுகிறவர் கண் குறியைத் தொட்டு எழுத்துகளைத் திரையில் தெரியவைத்து 21ஐ எண்ணினால், விடுபட்டதும் இரட்டித்ததும் உடனே பிடிபடும். வட்ஸ்அப்பில் செய்தியாக அனுப்பினால் முதல் எழுத்தை விசைப்பலகை தானாகவே கப்பிட்டலாக்கிவிடும், நகலெடுப்பவர் கடைசியில் ஓர் இடைவெளியையும் சேர்த்தெடுப்பார். நகலெடுத்து ஒட்டியும் இணையவில்லை என்றால் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.

தட்டுவதையே தவிர்க்க கியூஆர் குறியும் உண்டு. அண்ட்ராய்டு 10 முதல் கைபேசிகளிலேயே இணைந்த வைஃபையைப் பகிரும் வசதியில் அது கிடைக்கும். அதற்குள் இருப்பது இவ்வளவுதான்:

```
WIFI:T:WPA;S:vaguppu;P:kfudwatlybhexgopjvcae;;
```

இணையத் தளங்களில் இதை உருவாக்கினால் உங்கள் கடவுச்சொல்லை அந்தத் தளத்துக்குச் சொல்லிவிடுகிறீர்கள் என்பதால், கைபேசியில் வருவதையே அச்சடியுங்கள். பிரிண்டருக்கும் பல மடிக்கணினிகளுக்கும் இது உதவாது. அங்கே தட்டித்தான் ஆக வேண்டும்.

மாற்றும் வேலையை வகுப்பில்லாத நாளில், கேபிள் மூலம் இணைந்த கணினியிலிருந்து செய்யுங்கள். வைஃபை வழியாகச் செய்தால் சேமித்த கணத்திலேயே உங்கள் இணைப்பு அறுந்துவிடும். புதியதை நோட்பேடில் ஒருமுறை தட்டி, எண்ணி, அங்கிருந்து நகலெடுத்து நிர்வாகப் பக்கத்தில் ஒட்டுங்கள், ஏனெனில் அந்தக் கட்டம் எழுத்துகளைப் புள்ளிகளாக மறைத்தால், அங்கே செய்யும் ஒரு பிழை அட்டையில் உள்ளதற்கும் ரவுட்டரில் உள்ளதற்கும் நிரந்தர வேறுபாடாகிவிடும். பிறகு ரவுட்டருக்கு அருகிலேயே நின்று ஒரு கைபேசியில் பழையதை மறக்கச்செய்து, அட்டையைப் பார்த்துத் தட்டி இணைத்துப் பாருங்கள். அது இணைந்து, தூரத்து அறையில் மட்டும் ஒருவருக்கு மறுப்பு வந்தால் அது எழுத்துப் பிரச்சினையாக இல்லாமல் சிக்னல் பிரச்சினையாகவும் இருக்கலாம். சில கைபேசிகள் இரண்டுக்கும் கடவுச்சொல் பிழை என்றே சொல்லும்.

பழைய ஒட்டுத்தாளைக் கிழித்துவிடாதீர்கள். யாராவது ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ரவுட்டர் அந்த 16 எழுத்துக்கே திரும்பிவிடும். ஆகையால் மேலே சொன்ன வழியில் அதைச் சரியாக வாசித்து முடித்ததும், வட்டத்தின் கீழே “பூச்சியம்” அல்லது “ஓ” என்றும் கோட்டின் கீழே “ஒன்று”, “எல்”, “ஐ” என்பவற்றில் உரியதையும் பேனாவால் எழுதி, பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.